விற்பனைக்கு ஒரு பிளாக்

தமிழில் சமையல் குறிப்பு எழுதும் ஒரு பிளாக்குக்கு ஜூன் மாதம் வருகிற கூட்டம் வேறு, தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் வருகிற கூட்டம் வேறு. அதிரசத்துக்குப் பாகு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும், முறுக்கு ஏன் எண்ணெயில் உதிர்கிறது, மைசூர்பாகு ஏன் கல்லாகப் போகிறது என்று கைப்பேசியில் தேடுகிறவர்கள் அந்தப் பதினைந்து நாளில்தான் வந்து குவிவார்கள். பலகாரச் சட்டி இறங்கியதும் கூட்டமும் கலைந்துவிடும். அப்படி ஒரு பிளாக்கைப் பல வருடம் எழுதி வளர்த்தவர் அதை விற்க நினைத்தால், வாங்க வருகிறவரிடம் எந்த மாதத்துக் கணக்கைக் காட்டுவது? அக்டோபரைக் காட்டினால் ஏமாற்று. ஜூனைக் காட்டினால் நஷ்டம்.

இந்தச் சந்தையில் விலை பேசும் முறை எளிதானது. கடைசிப் பன்னிரண்டு மாத வருமானத்தில் செலவைக் கழித்து, பன்னிரண்டால் வகுத்தால் சராசரி மாத லாபம் கிடைக்கும். அதை ஓர் எண்ணால் பெருக்கினால் விலை. சிறிய தளங்களுக்கு அந்த எண் பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் எங்காவது நிற்கும். ஃப்ளிப்பா போன்ற வெளிநாட்டு விற்பனைத் தளங்களிலும், நம் ஊர் ஃபேஸ்புக் குழுக்களில் பேசி முடிப்பதிலும் அடிப்படை இதுதான். எண் இருபத்து நாலா, முப்பதா என்பதில்தான் பேரமே நடக்கும். அதில் எழுத்தின் அழகைவிட, விற்பவர் நீட்டும் கணக்கு எவ்வளவு தூரம் சரிபார்க்க முடிகிறது என்பதற்கே மதிப்பு அதிகம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை ஓராண்டு. சாதாரண மாதத்தில் பிளாக்குக்கு 1,20,000 பக்கப் பார்வைகள், கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரத்தில் சுமார் ₹9,000. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்ததால் அக்டோபரில் மட்டும் மூன்று லட்சம் பார்வைகள், ₹24,000. பொங்கல் வந்த ஜனவரியில் ₹12,000. மற்றப் பத்து மாதமும் ஒன்பதாயிரம் என்றால் ஆண்டு விளம்பர வருமானம் ₹1,26,000. மிக்சி, குக்கர், முறுக்கு அச்சு என்று பதிவுகளில் கொடுத்த அமேசான் இணைப்புகள் வழியாக வந்த கமிஷன் ₹18,000. ஆக மொத்தம் ₹1,44,000.

செலவுப் பக்கத்தில் ஹோஸ்டிங் ₹6,000, டொமைன் பெயரைப் புதுப்பிக்க ₹1,000, தீமும் பிளகினும் சேர்ந்து ₹3,000, படங்களைத் திருத்திக் கொடுக்கிறவருக்கு ₹14,000. கூட்டினால் ₹24,000. நிகர லாபம் ₹1,20,000, மாதத்துக்குப் பத்தாயிரம். இருபத்து நாலு மடங்கென்றால் விலை ₹2,40,000. முப்பது மடங்கென்றால் மூன்று லட்சம். ஒரே பிளாக்குக்கு, ஒரே லாபத்துக்கு, அறுபதாயிரம் ரூபாய் வித்தியாசம்.

விற்கிறவர்களில் பலர் தவறுகிற இடம் இங்கேதான். தீபாவளி முடிந்த கையோடு விற்பனைக்கு அறிவித்து, "கடந்த மூன்று மாத சராசரி பதினாலாயிரம்" என்று போடுவார்கள். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் விளம்பர வருமானத்தைக் கூட்டி மூன்றால் வகுத்தால் ₹14,000 வரத்தான் செய்யும், கூட்டலில் பிழை இல்லை. ஆனால் இந்தத் தொழிலில் நாலு காசு பார்த்தவர் யாரும் மூன்று மாதக் கணக்கில் பணம் தரமாட்டார். பன்னிரண்டு மாதத்தையும் கேட்பார். கேட்டதும் உண்மையான சராசரி வெளிவரும், அதன்பிறகு நீங்கள் சொல்லும் எந்த எண்ணையும் அவர் நம்பமாட்டார். முதலிலேயே பன்னிரண்டு மாதத்தையும் வரிசையாக வைத்து, "அக்டோபர் தீபாவளியால் உயர்ந்தது" என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுவது லாபம்.

செலவில் எழுதாமல் விடுகிற ஒன்று உண்டு, அது உங்கள் உழைப்பு. வாரத்துக்கு எட்டு மணி நேரம் நீங்கள் சமைத்து, படமெடுத்து, எழுதினால் அதையும் ஏட்டில் குறியுங்கள். வாங்குகிறவர் அந்த வேலைக்கு ஆள் வைக்க வேண்டியிருக்கும். அதை மறைத்தால் பிளாக் தானாக ஓடுகிறது என்று எண்ணி வாங்குவார், மூன்றாம் மாதம் சண்டைக்கு வருவார்.

இனி வருமானச் சான்று. ஆட்சென்ஸ் திரையில் தினமும் தெரிகிற தொகை மதிப்பீடு மட்டுமே. மாதம் முடிந்த பிறகு செல்லாத கிளிக்குகளுக்கு உரியதைக் கழித்துவிட்டுத்தான் கூகுள் தொகையை இறுதி செய்கிறது. இந்த இறுதித் தொகையை எடுத்துக்கொள்ள வேண்டுமே தவிர மதிப்பீட்டை அல்ல. இரண்டுக்கும் நடுவே மாதா மாதம் பெரிய இடைவெளி இருந்தால் அதுவே ஒரு செய்தி. யாரோ வேண்டுமென்றே விளம்பரங்களைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று வாங்குபவர் நினைக்கலாம். அப்படி நினைப்பதற்கு அவருக்கு உரிமையும் உண்டு.

அந்தத் தொகை எப்போது வங்கிக்கு வருகிறது என்பதிலும் ஒரு சிக்கல். இந்தியக் கணக்குகளில் ஆட்சென்ஸ் வருமானம் டாலரில் எழுதப்படுகிறது. கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள், அதுவும் அடுத்த மாதம் 21 முதல் 26 தேதிக்குள். நம் உதாரண பிளாக்கின் ஒன்பதாயிரம் ரூபாய் என்பது நூறு டாலரைச் சற்றே தாண்டுகிற தொகை. ஏதாவது ஒரு மே மாதத்தில் 96 டாலர் மட்டும் வந்திருந்தால் ஜூனில் வங்கியில் ஒரு வரவும் இருக்காது. மே, ஜூன் இரண்டும் சேர்ந்து ஜூலைக் கடைசியில் வரும். வங்கி அறிக்கையை மட்டும் பார்க்கிறவருக்கு ஜூனில் வருமானமே இல்லாதது போலவும் ஜூலையில் திடீரென்று இரட்டிப்பானது போலவும் தோன்றும்.

அதனால் ஓர் எக்ஸெல் தாளில் மாதத்துக்கு ஒரு வரி வையுங்கள். முதல் கட்டத்தில் சம்பாதித்த மாதம், அடுத்து இறுதியான டாலர் தொகை, அடுத்து வங்கியில் வரவான தேதி, அடுத்து வந்த ரூபாய். அக்டோபர் வரியில் 290 டாலர், நவம்பர் கடைசி வாரத் தேதி, ₹24,000 என்று இருக்கும். அன்றைய டாலர் விலையால் பெருக்கினால் சில நூறு ரூபாய் கூடுதலாக வரும், அந்த வித்தியாசம் வங்கியின் மாற்று விகிதத்திலும் கட்டணத்திலும் போனது. அதையும் ஒரு குறிப்பாகப் போட்டுவிட்டால் கேள்வி எழாது. அமேசான் கமிஷனுக்கும் இதே போல் ஒரு தாள். அதில் டிடிஎஸ் பிடித்திருந்தால் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்திலும் அந்தத் தொகை நிற்கும். விற்பவரால் திருத்த முடியாத தாள் என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

ஸ்கிரீன்ஷாட் எதற்கும் சான்றாகாது. பிரவுசரில் எந்தப் பக்கத்தின் எண்ணையும் இரண்டு நிமிடத்தில் மாற்றி எழுதிப் படம் பிடிக்கலாம், அதற்கு மென்பொருள் அறிவுகூட வேண்டாம். வாங்குபவர் வீடியோ அழைப்பில் வரட்டும். நீங்கள் திரையைப் பகிர்ந்து, அவர் கண் முன்னே பக்கத்தைப் புதிதாகத் திறந்து, அவர் சொல்லும் தேதிகளைப் போட்டுக் காட்டுங்கள். ஆட்சென்ஸுக்கு இந்த முறையே போதும். கூகுள் அனலிடிக்ஸிலும் சர்ச் கன்சோலிலும் இன்னும் எளிது, பார்க்க மட்டும் அனுமதிக்கும் பயனராக அவருடைய மின்னஞ்சலைச் சேர்த்துவிடலாம். அனலிடிக்ஸில் அதன் பெயர் Viewer, சர்ச் கன்சோலில் Restricted. இரண்டு வாரம் அவரே உட்கார்ந்து அலசட்டும். எந்தக் கடவுச்சொல்லையும் யாருக்கும் இந்தக் கட்டத்தில் தரத் தேவையில்லை.

அலசுகிறவர் முதலில் பார்ப்பது இந்த இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான். சர்ச் கன்சோல் என்பது கூகுள் தேடலில் உங்கள் இணைப்பை எத்தனை பேர் தட்டினார்கள் என்று கூகுள் வைத்திருக்கும் கணக்கு. அனலிடிக்ஸ் என்பது உங்கள் தளத்தில் பொருத்திய சிறு நிரல் எண்ணியது. எண்ணும் முறை வேறு என்பதால் இரண்டும் அச்சாக ஒன்றாக இராது. சர்ச் கன்சோலில் ஒரு மாதம் 70,000 கிளிக் இருந்து, அனலிடிக்ஸில் தேடல் வழி வருகை 63,000 என்றிருந்தால் இயல்பு. அதே மாதம் அனலிடிக்ஸ் இரண்டு லட்சம் காட்டினால் எங்கோ பொய் இருக்கிறது. பெரும்பாலும் காசு கொடுத்து வரவழைத்த இயந்திர வருகை. அதைக் கண்டுபிடிக்க வேறு அடையாளங்களும் உண்டு. பார்வை ஏறியிருக்கும், விளம்பர வருமானம் அசைந்திருக்காது. வந்தவர் பக்கத்தில் நின்ற நேரம் ஓரிரு விநாடியாக இருக்கும். ஊர்ப் பட்டியலில் சென்னை, கோவை, பெங்களூரு, சிங்கப்பூர், துபாய்க்கு மேலே அமெரிக்காவின் ஆஷ்பர்ன் நிற்கும். ஆஷ்பர்ன் வர்ஜீனியா மாநிலத்தில் தரவு மையங்கள் நெருக்கமாக இருக்கிற ஊர். அங்கிருந்து பத்தாயிரம் பேர் அதிரசம் சுடக் கற்றுக்கொள்ள வந்தார்கள் என்றால் யார் நம்புவார்கள்?

இது விற்பவர் செய்யாமலே நேர்வதும் உண்டு. தானியங்கி நிரல்கள் கேட்காமலே எல்லாத் தளங்களுக்கும் வருகின்றன. அப்படி ஒரு மாதம் இருந்தால் நீங்களே முந்திக்கொண்டு அந்த வரியைக் குறித்து, அதைக் கழித்த எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். "நேரடி வருகை" என்று அனலிடிக்ஸ் காட்டும் பங்கு பெரிதாக இருந்தாலும் கேள்வி வரும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்த இணைப்பைத் தட்டி வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தத் தலைப்பின் கீழ்தான் விழுகிறார்கள். குடும்பக் குழுக்களில் சமையல் குறிப்பு எப்படிச் சுற்றும் என்பது நமக்குத் தெரியும், வட இந்தியாவிலோ வெளிநாட்டிலோ இருந்து வாங்க வருகிறவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டும்.

போன வருடத்தோடு ஒப்பிடுகிற இடத்தில் நம் பஞ்சாங்கம் ஒரு குழியை வெட்டிவைத்திருக்கிறது. 2023இல் தீபாவளி நவம்பர் 12. 2024இல் அக்டோபர் 31. நவம்பருக்கு நவம்பர் வைத்துப் பார்க்கிற எந்த மென்பொருளும் 2024 நவம்பரில் பிளாக் பாதியாகச் சரிந்துவிட்டதாகச் சிவப்பு அம்பு போடும். அக்டோபருக்கு அக்டோபர் பார்த்தால் அபார வளர்ச்சி. இரண்டும் உண்மையில்லை. பண்டிகையைச் சார்ந்த பிளாக்குக்கு, தீபாவளிக்கு முந்தைய முப்பது நாளை அடுத்த ஆண்டின் அதே முப்பது நாளோடு வைத்து ஒப்பிட்டு ஒரு தனித் தாள் தயாரிப்பதுதான் சரி.

அந்தத் தாளைத் தயாரிக்க இரண்டு ஆண்டுத் தரவு வேண்டும், சர்ச் கன்சோல் வைத்திருப்பதோ 16 மாதங்கள் மட்டும். நம் உதாரணத்தில் 2025 மார்ச் 31 அன்று உட்கார்ந்து பார்க்கிறவருக்குத் திரையில் 2023 நவம்பர் கடைசி வரைதான் தெரியும். அந்த ஆண்டின் தீபாவளிக் கூட்டம் மொத்தமும் சில வாரங்களுக்கு முன்புதான் கழன்று போயிருக்கும். அதைத் திரும்பப் பெற வழியில்லை. மாதம் ஒருமுறை தரவிறக்கி வைப்பதே வழி. அதிலும் பக்கங்களின் பட்டியல் ஆயிரம் வரியோடு நின்றுவிடும், சிறு பிளாக்குக்கு அது போதும். அனலிடிக்ஸின் பழைய பதிப்பில் இருந்த தரவை 2024 ஜூலைக்குப் பிறகு யாராலும் திறக்க முடியாது. அதற்கு முன் எடுத்து வைத்தவர்களிடம் மட்டும் பழைய வரலாறு இருக்கிறது. இப்போதுள்ள பதிப்பின் அமைப்பில் தரவைச் சேமிக்கும் காலம் இரண்டு மாதம் என்று இருக்கும், அதை 14 மாதமாக மாற்றிக்கொள்ளலாம். பொதுவான அறிக்கைகள் இதனால் போய்விடாது என்றாலும், நுணுக்கமாகத் தோண்டுகிற அலசல்களுக்கு அந்தக் கால எல்லை உண்டு. விற்கும் எண்ணம் வந்த அன்றே இதை மாற்றுங்கள், ஏற்கனவே போனது திரும்பாது.

கூட்டம் எத்தனை பக்கங்களில் குவிகிறது என்பதையும் மறைக்காதீர்கள். முந்நூறு குறிப்பு இருக்கும், அதிரசம், முறுக்கு, மைசூர்பாகு மூன்றும் சேர்ந்து வருகையில் நாற்பது சதவீதம் கொண்டுவரும். அதில் ஒன்று தேடலில் முதலிடத்திலிருந்து ஆறாம் இடத்துக்கு இறங்கினால் வருமானம் ஆட்டம் காணும். பெருக்கும் எண்ணைக் குறைக்கிற தகவல்தான் இது. ஆனால் பார்வை அனுமதி கொடுத்த பிறகு ஐந்தே நிமிடத்தில் அவருக்குத் தெரியப்போவதை நீங்கள் சொல்வதுதான் மரியாதை.

இப்போது கைமாற்றம். "ஆட்சென்ஸ் அப்ரூவல் உள்ள பிளாக் விற்பனைக்கு" என்ற விளம்பரத்தை நம் ஊர்க் குழுக்களில் அடிக்கடி பார்க்கலாம். ஆட்சென்ஸ் கணக்கை விற்கவோ மாற்றித் தரவோ முடியாது, கூகுளின் விதி அதை அனுமதிக்கவில்லை. அமேசான் இணைப்புக் கணக்கும் அப்படியே. அதாவது வருமானம் வருகிற இரண்டு குழாயும் விற்பவரோடே போய்விடும். வாங்குபவர் தன் கணக்குகளை அதே இடத்தில் பொருத்திக்கொள்ள வேண்டும். கைமாற்றத் திட்டம் என்று தனியாக ஒன்று தேவைப்படுவதே இதனால்தான்.

வாங்குபவர் தளத்தைத் தன் ஆட்சென்ஸில் சேர்த்தால் கூகுள் அதை மறுபடி பரிசீலிக்கும். சில நாளில் முடியலாம், இரண்டு முதல் நாலு வாரம்வரை இழுக்கவும் செய்யும். பணம் கைமாறிய பிறகு இதைத் தொடங்கினால் அந்த நாட்களுக்கு அவருக்கு வருமானம் இல்லை. முன்பணம் வந்ததும், பிளாக் இன்னும் உங்கள் கையில் இருக்கும்போதே, பரிசீலனையைத் தொடங்கிவிடலாம். தளத்தின் ads.txt கோப்பில் உங்கள் வரிக்குக் கீழே அவர் வரியையும் சேர்த்தால் போதும், இரண்டும் ஒன்றாக இருப்பதில் தவறில்லை.

```
google.com, pub-0000000000000000, DIRECT, f08c47fec0942fa0
google.com, pub-1111111111111111, DIRECT, f08c47fec0942fa0
```

ஒவ்வொரு வரியிலும் pub- என்பதற்குப் பின்னால் வருவது அவரவர் கணக்கின் 16 இலக்க எண். கடைசியில் உள்ள குறியீடு கூகுளுடையது, எல்லோருக்கும் ஒன்றுதான். ஒப்புதல் வந்ததும், பேசிய நாளில் பக்கங்களில் உள்ள விளம்பர நிரலை அவருடையதாக மாற்றி, உங்கள் வரியை நீக்குங்கள். மாற்றிய நாளும் மணியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அதற்கு முந்தைய வருமானம் உங்களுக்கு, பிந்தையது அவருக்கு.

அமேசான் இணைப்புகளில் வேலை சற்றுப் பொறுமையானது. இந்திய அமேசானின் இணைப்புக் குறியீடு -21 என்று முடியும், ஒவ்வொரு இணைப்பின் வாலிலும் tag= என்பதற்குப் பின்னால் ஒட்டியிருக்கும். வேர்ட்பிரஸில் நடக்கும் தளமென்றால் எல்லாப் பதிவிலும் ஒரே கட்டளையில் மாற்றலாம். முதலில் ஒத்திகையாக ஓட்டி எத்தனை இடம் மாறும் என்று பாருங்கள்:

```
wp search-replace 'pazhaya-21' 'pudhiya-21' wp_posts --dry-run
```

எண்ணிக்கை சரியாகத் தோன்றினால் முதலில் தரவுத்தளத்தை நகலெடுத்துக்கொண்டு, கடைசிச் சொல்லை நீக்கி மறுபடி ஓட்ட வேண்டும். இதில் தப்பித்துக்கொள்பவை amzn.to என்று தொடங்கும் சுருக்க இணைப்புகள். அவற்றில் விற்றவரின் குறியீடு உள்ளே புதைந்திருக்கும், வெளியே தெரியாது, தேடினாலும் அகப்படாது. வருடக்கணக்கில் பழைய உரிமையாளருக்கே கமிஷன் போய்க்கொண்டிருந்த தளங்கள் உண்டு, யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமல். சுருக்க இணைப்புகள் உள்ள பதிவுகளின் பட்டியலைத் தனியே எடுத்துக் கொடுத்துவிடுங்கள், அவர் ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளட்டும்.

டொமைன் பெயர்தான் உண்மையான சொத்து. இருவருக்கும் ஒரே பதிவு நிறுவனத்தில் கணக்கிருந்தால், உள்ளுக்குள்ளேயே உங்கள் கணக்கிலிருந்து அவர் கணக்குக்கு நகர்த்துவது சில நிமிட வேலை. வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதென்றால் .com பெயர்களுக்குப் பதிவு செய்த பிறகோ முந்தைய மாற்றத்துக்குப் பிறகோ 60 நாள் பூட்டு உண்டு. ஆகவே வாங்குபவர் அதே நிறுவனத்தில் ஒரு கணக்கைத் திறந்துகொள்வது நல்லது. நகர்த்துவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். ஹோஸ்டிங், செய்திமடல் எல்லாவற்றுக்கும் அந்த டொமைனிலேயே உள்ள மின்னஞ்சலைக் கொடுத்திருப்பீர்கள். டொமைன் போகிற வழியில் அஞ்சல் அமைப்பு அறுந்தால், கடவுச்சொல்லை மீட்கும் அஞ்சலும் வராது, உள்ளே நுழைய இருவராலும் முடியாது. முதல் நாளே அவற்றை ஒரு ஜிமெயில் முகவரிக்கு மாற்றிவிட வேண்டும்.

நம் நாட்டில் இன்னொரு முடிச்சு ஓடிபி. பதிவு நிறுவனம், ஹோஸ்டிங், டெலிகிராம் சேனல் எல்லாமே உங்கள் கைப்பேசி எண்ணில் தொங்கும். கைமாற்றப் பட்டியலில் ஒவ்வொரு கணக்குக்கும் எதிரே, எந்த எண்ணுக்கு ஓடிபி வருகிறது என்று ஒரு கட்டம் போடுங்கள். நிரப்பத் தொடங்கினால் மறந்துபோன இரண்டு கணக்காவது நினைவுக்கு வரும். டெலிகிராமில் சேனலின் உரிமையை மாற்ற இரண்டடுக்குப் பாதுகாப்பு குறைந்தது ஏழு நாளாவது இயங்கியிருக்க வேண்டும், கைமாற்றும் நாளில் போட்டால் ஒரு வாரம் காத்திருக்க நேரும்.

கோப்புகளைக் கொடுக்கும்போது வேர்ட்பிரஸின் ஏற்றுமதிக் கோப்பை மட்டும் அனுப்பிவிட்டு வேலை முடிந்ததென்று இருக்காதீர்கள். அதில் எழுத்து இருக்கும், படங்களின் முகவரி இருக்கும், படங்கள் இருக்காது. தரவுத்தளத்தின் முழு நகலும் uploads கோப்புறையும் சேர்ந்தால்தான் பிளாக் முழுதாகப் போகிறது. பிளாகரில் நடத்துகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. வாங்குபவரை ஆசிரியராக அழைத்து, நிர்வாகியாக்கி, தாங்கள் விலகினால் போதும். சர்ச் கன்சோலில் மட்டும் வரிசை முக்கியம். அவர் தன் உரிமையை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும், அதன்பிறகுதான் உங்களுடைய அடையாளத்தை நீக்க வேண்டும். நீக்காமல் விட்டால், விற்ற பின்னும் அவர் தேடல் கணக்கை நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

எழுத்தின் உரிமையைப் பலர் மறந்தே போகிறார்கள். நிலத்துக்கு எல்லை எழுதாத பத்திரத்தை யாரும் வாங்குவதில்லை. பிளாக்குக்கோ வாட்ஸ்அப்பில் "ஓகே" என்று அனுப்பிவிட்டு லட்சங்களைக் கொடுக்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 19ஆம் பிரிவு, உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டுக்கு மட்டும் மாற்றியதாகவும், எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் மாற்றியதாகவும் அந்தப் பிரிவே எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூரிலும் துபாயிலும் வாசகர் இருக்கிற பிளாக்குக்கு இது எவ்வளவு பெரிய ஓட்டை! "பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்" என்ற இரண்டு சொற்றொடர் ஒப்பந்தத்தில் இருந்தால் அடைபட்டுவிடும். விருந்தினராக எழுதியவர்கள், நட்புக்காகப் படமெடுத்துக் கொடுத்தவர்கள் ஆகியோரின் உரிமை பொதுவாக அவர்களுடையதுதான். எழுதி வாங்காததை உங்களால் விற்க முடியாது. அவர்களிடம் ஒரு கையெழுத்துக் கடிதம் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் அந்தப் பதிவை விற்பனையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பணத்தை எப்படிப் பிரிப்பது என்பது இருவரின் நம்பிக்கையைப் பொறுத்தது. என் கருத்தில், நேரில் அறிமுகமில்லாத இருவருக்கிடையே மூன்று லட்ச ரூபாய் வியாபாரமென்றால், ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது இருபது சதவீதம், டொமைனை நகர்த்தத் தயாராக இருவரும் அழைப்பில் இருக்கும்போது அறுபத்தைந்து, முப்பது நாள் கழித்து மிச்சம் பதினைந்து என்பது நியாயமானது. இரண்டாம் தவணை வந்துவிட்டதா என்பதை எதிராளி அனுப்பும் படத்தில் பார்க்காதீர்கள், குறுஞ்செய்தியிலும் பார்க்காதீர்கள். உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பார்த்த பிறகு டொமைனை நகர்த்துங்கள். கடைசிப் பதினைந்து சதவீதம் எதற்காகப் பிடிக்கப்படுகிறது என்பதும் எழுத்தில் வேண்டும். அந்த முப்பது நாளில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது, விட்டுப்போன கணக்கை ஒப்படைப்பது, அவ்வளவுதான். வருமானம் குறைந்துவிட்டது என்று சொல்லி அதை நிறுத்திவைக்க இடம் கொடுக்கும் வாசகம் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். தீபாவளி முடிந்த மாதத்தில் கைமாறினால் வருமானம் குறையாமல் வேறென்ன செய்யும்?

எல்லாம் முடிந்த பிறகும் உங்கள் ஆட்சென்ஸ் கணக்கில் நூறு டாலரைத் தொடாத ஒரு சிறு தொகை தங்கியிருக்கும். வேறு தளம் ஏதும் இல்லாதவர்கள் அதைப் போனது போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. கணக்கை முறைப்படி மூடினால், இருப்பு 10 டாலருக்கு மேல் இருக்கும்பட்சத்தில், மூடிய மாதத்தின் முடிவிலிருந்து சுமார் 90 நாளில் அந்தப் பணத்தைக் கூகுள் அனுப்பிவிடும். அதுவரை வங்கிக் கணக்கை மாற்றாமல் இருந்தால் போதும்.